தைப்பூசப் படங்களில் தூசு: 103 படங்களை ஒரே மூச்சில் துடைத்த கணக்கு

பினாங்குத் தைப்பூசத்தில் எடுத்த ஒரு படத்தொகுப்பு இது. தண்ணீர்மலைக்குப் போகும் கெபுன் பூங்கா சாலையில், காவடிகள் வரும் நாளில், காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை எடுத்தவை. கேமரா ஒன்று, 24 மெகாபிக்சல், முழு அளவு சென்சார், படத்தின் அளவு 6000 × 4000. லென்ஸ் இரண்டு: ஒரு 24–70, ஒரு 70–200. நடு வெயிலில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், சாம்பிராணிப் புகையும் திருநீறும் பறக்கும் இடத்தில் வைத்து லென்ஸ் இரண்டு முறை மாற்றப்பட்டது. கேமராவின் வாய் திறந்திருந்தது சில விநாடிகள்தான். அது போதுமானதாக இருந்தது.

மொத்தம் 486 படங்கள். மாலையில் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது வானம் தெரிகிற பல படங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. ஒரு படத்தில் பதினொன்றையும் அழிக்க இரண்டு நிமிடம் என்றாலும், தொகுப்பு முழுவதற்கும் பதினாறு மணி நேரம். ஒரு படத்தில் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம் என்பது எவருக்கும் முதலில் தோன்றும் வழி. படம் எடுத்தவர்களும் முதலில் அதைத்தான் செய்தார்கள். கெட்டுப்போனதும் அதனால்தான்.

486 படங்களுக்கும் ஒட்டியபின் மூன்று விதமான சேதம் தெரிந்தது. சில படங்களில் வானத்துப் புள்ளி அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் அழிக்கும் வட்டம் விழுந்திருந்தது. சில படங்களில் புள்ளியே இல்லாத இடத்தில் காவடியின் மயிற்பீலி பாதியாக வெட்டுப்பட்டு, பக்கத்திலிருந்த பீலியின் கண் அங்கே இரண்டாவது முறை முளைத்திருந்தது. ஒரு படத்தில் அலகு வேலின் நுனி காணாமல் போயிருந்தது. இது மூன்றாவது வகை. முதல் இரண்டும் கூர்ந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். வேல் நுனி இல்லாததை அந்தக் காவடியைச் சுமந்தவர்தான் கண்டுபிடிப்பார்.

படத்தில் இருப்பது தூசு அல்ல, அதன் நிழல்

தூசு சென்சாரின் ஒளியுணர் பரப்பில் உட்காருவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் மேல் உட்காருகிறது. அந்தக் கண்ணாடிக்கும் ஒளியுணர் பரப்புக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். கேமராவுக்குக் கேமரா இது மாறும். இங்கே கணக்குக்கு 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அபெர்ச்சரைச் சிறிதாக்கினால் ஒளி குறுகிய கூம்பாக வருகிறது, நிழல் கூர்மையாக விழுகிறது. பெரிதாக்கினால் கூம்பு அகலமாகி நிழல் கரைந்துபோகிறது. நிழலின் அகலம் தோராயமாக, இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. எஃப் 16 என்றால் 1.5 ÷ 16, அதாவது 0.094 மில்லிமீட்டர். இந்தக் கேமராவில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் என்பதால் அது 16 பிக்சல். எஃப் 8 என்றால் 31 பிக்சல், எஃப் 4 என்றால் 62 பிக்சல்.

அகலம் கூடக் கூட இருள் குறையும். 30 மைக்ரான் அகலமுள்ள ஒரு தூசியை எடுத்துக்கொண்டால், எஃப் 16-இல் அது தன் நிழல் விழும் இடத்தின் ஒளியில் சுமார் 10 விழுக்காட்டை மறைக்கிறது. எஃப் 8-இல் இரண்டரை விழுக்காடு. எஃப் 4-இல் முக்கால் விழுக்காடுகூட இல்லை. வெற்று வானத்தில்கூடக் கண்ணுக்குப் படாது. ஆகவே எஃப் 5.6-இலும் அதைவிடத் திறந்த அபெர்ச்சரிலும் எடுத்த 291 படங்களை இந்த வேலையிலிருந்து முதலிலேயே விலக்கிவிடலாம். அவற்றில் அழிக்க ஒன்றுமில்லை, கெடுக்கத்தான் இடமிருக்கிறது. மயிற்பீலி வெட்டுப்பட்ட படங்கள் பெரும்பாலும் இந்த 291-இல் இருந்தவை.

எஃப் 8-இல் 92 படங்கள். அவற்றில் பெரிய தூசு நான்கு மட்டும், அதுவும் வானத்தில் மட்டும், மங்கலாகத் தெரிந்தது. எஃப் 11 முதல் எஃப் 16 வரை எடுத்தவை 103. தொகுதியாகச் செய்ய வேண்டிய வேலை இந்த 103-இல்தான்.

ஒரே தூசு, வேறு இடம்

தூசு நகரவில்லை. பிறகு ஏன் வட்டம் தள்ளி விழுந்தது? லென்ஸின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒளி ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு வருவதுபோல் இருக்கும். அந்த இடம் சென்சாருக்கு எவ்வளவு தூரம் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். ஜூம் லென்ஸில் குவியத்தூரத்தை மாற்றினாலும் மாறும். படத்தின் நடுவில் ஒளி நேராக விழுவதால் நிழலும் தூசுக்கு நேர் பின்னால் விழும். ஓரத்துக்குப் போகப்போக ஒளி சாய்ந்து வருகிறது, நிழலும் வெளிப்பக்கமாகத் தள்ளி விழுகிறது.

எவ்வளவு தள்ளி? நடுவிலிருந்து 18 மில்லிமீட்டர் தள்ளி, மூலைப் பக்கமாக ஒரு தூசு இருக்கிறது என்று கொள்வோம். ஒளி 50 மில்லிமீட்டர் தூரத்திலிருந்து வந்தால் நிழல் 1.5 × 18 ÷ 50, அதாவது 0.54 மில்லிமீட்டர் வெளியே விழும். 100 மில்லிமீட்டர் தூரத்திலிருந்து வந்தால் 0.27 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.27 மில்லிமீட்டர். பிக்சலில் 45. எஃப் 16-இல் புள்ளிக்கு 30 பிக்சல் அளவில் ஒரு வட்டம் போட்டால், லென்ஸை மாற்றியதும் அந்த வட்டம் புள்ளியைத் தொடவே தொடாது. நடுப்பகுதியில் ஒட்டியது சரியாக விழுந்து மூலைகளில் மட்டும் தவறினால், இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே ஒரு தொகுதி என்பது ஒரு நாளில் எடுத்த படங்கள் அல்ல; ஒரே லென்ஸில், கிட்டத்தட்ட ஒரே குவியத்தூரத்தில், சிறிய அபெர்ச்சரில் எடுத்த படங்கள். அதைப் பிரிப்பதற்கு எக்சிஃப் தகவல் போதும்:

```
exiftool -T -FileName -LensID -FocalLength -Aperture -Orientation -ext JPG . > list.txt
```

இந்தப் பட்டியலை விரிதாளில் திறந்து அபெர்ச்சர், லென்ஸ், குவியத்தூரம் என்ற வரிசையில் அடுக்கினால் 103 படங்கள் தாமாகவே பிரிந்துவிடும். அகல லென்ஸில் 58, நீள லென்ஸில் 45.

தூசு வரைபடம்: மாதிரிப் படம் இல்லாதபோது

முறைப்படி செய்பவர்கள் அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். நிக்கானில் அதற்கு Image Dust Off என்று ஒரு வசதி உண்டு, கேனனில் Dust Delete Data. கேப்சர் ஒன் மென்பொருளில் லென்ஸின் நிறமாற்றத்தைச் சரிசெய்யும் LCC எடுக்கும்போது தூசுத் தகவலையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் வெற்றுப் பரப்பின் மாதிரிப் படம் தேவை. தைப்பூசக் கூட்டத்தில் வெள்ளைத் தாளை யார் தேடுவது? இந்தத் தொகுப்பில் அப்படி ஒன்று இல்லை.

ஆனால் படங்களே மாதிரியாக முடியும். 58 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், ஒவ்வொன்றிலும் இடம் மாறுகிற காவடியும் முகங்களும் மேகமும் கலந்து ஒரு சாம்பல் மூட்டமாகிவிடும். இடம் மாறாதது நிழல் மட்டும்தான், அது மிஞ்சும். அந்த மூட்டத்தை அதையே மங்கலாக்கிய படத்தால் வகுத்தால் வெளிச்ச ஏற்றத்தாழ்வும் போய், வெளிறிய பரப்பில் கறுப்புப் புள்ளிகளாகத் தூசு வந்து நிற்கும்.

ராவுடன் சேர்த்துக் கேமராவே எழுதிய ஜேபெக் கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டு, இமேஜ்மேஜிக்கில்:

```
magick '*.JPG[1500x1000]' -colorspace Gray \
  -evaluate-sequence mean -depth 16 avg.png
magick avg.png \( +clone -blur 0x12 \) -fx "0.5*u/v" \
  -blur 0x1 -level 45%,52% map.png
```

இது லினக்ஸ், மேக் கணினிகளுக்கான எழுத்துமுறை. விண்டோஸின் Command Prompt-இல் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போட்டு, அடைப்புக்குறிகளுக்கு முன்னால் உள்ள சாய்கோட்டை எடுத்துவிட்டு, வரியை உடைக்காமல் ஒரே வரியாகக் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயரோடு ஒட்டியிருக்கும் `[1500x1000]` முக்கியம். அது ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போதே சிறிதாக்குகிறது. அதை விட்டுவிட்டுப் பிறகு `-resize` போட்டால், முழு அளவில் 58 படங்களும் முதலில் நினைவகத்தில் ஏறும். படம் ஒன்றுக்கே சில நூறு மெகாபைட். கணினி உறைந்துபோகும், குற்றம் மென்பொருளின் மேல் விழும்.

கேமராவின் ஜேபெக்கையே எடுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களிலும் அதில் பிக்சல்கள் பொதுவாகச் சென்சாரின் வரிசையிலேயே இருக்கும். திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூட எழுதப்பட்டிருக்கும். இமேஜ்மேஜிக் தானாக அந்தக் குறிப்பைக் கவனிப்பதில்லை, ஆகவே தூசு தூசின் மேலேயே விழுகிறது. திருத்தி ஏற்றுமதி செய்த படங்களைக் கொடுத்தால் நிமிர்ந்தவை உண்மையாகவே திரும்பியிருக்கும், வரைபடம் குழம்பிவிடும். நிமிர்ந்த படங்களால் இன்னொரு லாபமும் உண்டு. கிடையாக எடுத்தவற்றில் வானம் எப்போதும் மேல் பாதியில்தான். நிமிர்த்தி எடுத்தவற்றில் அது சென்சாரின் ஒரு பக்க ஓரத்தில் வருகிறது. 103-இல் 37 அப்படிப்பட்டவை. மேல் பாதியில் தெரியாமலிருந்த இரண்டு தூசுகளை அவைதான் காட்டிக்கொடுத்தன.

அகல லென்ஸின் 58 படங்களுக்கும் சேர்த்து எடுத்த முதல் வரைபடத்தில் ஒரு வேடிக்கை தெரிந்தது. நடுவில் இருந்த புள்ளிகள் வட்டமாக இருந்தன. மூலைகளில் இருந்தவை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி இழுபட்ட சிறு கோடுகளாக இருந்தன, யாரோ விரலால் தேய்த்தது போல. தூசு நீளமானதல்ல. 24-இலும் 35-இலும் எடுத்த படங்கள் ஒன்றாகக் கலந்ததால், ஒரே தூசின் நிழல் பல இடங்களில் விழுந்து கோடாகிவிட்டது. தொகுதி அகலமாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அதை 24–26 என்று 31 படங்களாகவும், 27–35 என்று 27 படங்களாகவும் பிரித்தபின் கோடுகள் மீண்டும் வட்டமாயின. நீள லென்ஸின் 45 படங்களில் இந்த இழுபறி மிகக் குறைவு, பிரிக்கத் தேவைப்படவில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. எஃப் 16-இன் 10 விழுக்காட்டு இருளை முப்பது படங்களின் சராசரி காட்டிவிடும். எஃப் 8-இன் இரண்டரை விழுக்காடு, கூட்டத்தின் மிச்சசொச்சக் கரடுமுரடில் மூழ்கிவிடும். அதனால் எஃப் 8 படங்களுக்குத் தனி வரைபடம் முயலவில்லை. வானம் பெரிதாக உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, அந்த நான்கு புள்ளிகளைக் கையால் அழித்தார்கள்.

ஒட்டுவது

மீதி வேலை லைட்ரூம் கிளாசிக்கில், ரா கோப்புகளின் மேல். மூன்று தொகுதிக்கும் ஒவ்வொரு தாய்ப்படம். தாய்ப்படமாக எடுப்பதற்குத் தகுதியானது அழகான படம் அல்ல. எஃப் 16-இல் எடுத்ததும் வானமோ வெள்ளைச் சுவரோ அதிக இடத்தை அடைத்திருப்பதுமான படம். மலைப்படியில் ஏறும்போது கைதவறி வானத்தை நோக்கி அழுத்தப்பட்ட ஒரு படம்தான் அகல லென்ஸுக்குத் தாயாக வாய்த்தது. இப்படிப்பட்ட தவறுகளை வேலை முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

Q விசையை அழுத்திக் கருவியைத் திறந்து, Heal வகையைத் தேர்ந்து, A விசையால் Visualize Spots காட்சியை வரவழைத்தால் படம் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரமாக மாறும், தூசு சிறு வளையமாகத் தெரியும். அதையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் உள்ள புள்ளிகளுக்கு மட்டும் வட்டம் போட வேண்டும். கோட்டுச் சித்திரத்தில் மட்டும் தெரிவது பறவையாக இருக்கலாம், தூரத்துப் பட்டமாகவும் இருக்கலாம். வட்டத்தின் அளவு புள்ளியைப் போல ஒன்றரை மடங்கு. அதைவிடச் சிறிதென்றால் புள்ளியின் விளிம்பு ஒரு சாம்பல் வளையமாக மிஞ்சும். பெரிதென்றால் மற்ற படங்களில் சேதம் கூடும்.

மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுக்கும் மூல இடத்தைக் கையால் நகர்த்தக் கூடாது. நகர்த்தாமல் விட்டால், ஒட்டும்போது ஒவ்வொரு படத்திலும் அதற்கேற்ற மூலத்தை அது புதிதாகத் தேடும். தாய்ப்படத்தில் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று நகர்த்திவிட்டால், அந்த இடமே எல்லாப் படங்களுக்கும் மூலமாக நிலைத்துவிடும். தாய்ப்படத்தில் வானமாக இருந்த அந்த மூலம் அடுத்த படத்தில் ஒருவரின் தலைப்பாகையாக இருக்கும். வானத்தில் தலைப்பாகைத் துண்டு மிதக்கும்.

பிறகு தாய்ப்படத்தை முதலில் சொடுக்கி, தொகுதியின் மற்ற படங்களையும் தேர்ந்து, Sync Settings பெட்டியில் Check None அழுத்தி, Healing ஒன்றை மட்டும் குறியிட்டு ஒட்ட வேண்டும். மற்ற குறிகள் தங்கிவிட்டால் தாய்ப்படத்தின் வெளிச்சமும் வெட்டும் எல்லாவற்றுக்கும் போய்விடும். முகத்துப் பரு, வயர் போன்ற தனித்தனித் திருத்தங்களை இதற்கு முன்பே செய்திருந்தால் அவை மேலெழுதப்பட்டுப் போகக்கூடும். தூசு வேலைதான் முதலில். ஒட்டியபின் ஒவ்வொரு தொகுதியிலும் நிமிர்ந்த படம் ஒன்றைத் திறந்து, வட்டங்கள் புள்ளிகளின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் போதும்.

அழிக்காமல் விட வேண்டியவை

பதினொரு புள்ளி, 103 படம்: மொத்தம் 1,133 ஒட்டுகள். இவற்றில் பெரும்பங்கு வானத்தில் விழவில்லை. கூட்டத்தின் மேல், காவடியின் மேல், கோபுரத்துச் சுதை வேலையின் மேல் விழுந்தது. அங்கே 10 விழுக்காட்டு இருள் யாருடைய கண்ணுக்கும் தெரியாது. அதை அகற்ற வேறொரு இடத்தின் துண்டைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் பளிச்சென்று தெரியும். தூசு அங்கே இருந்த விவரத்தை அழித்துவிடவில்லை, கொஞ்சம் மங்கலாக்கியிருக்கிறது. ஒட்டுத்தான் அதை அழிக்கிறது. அதனால் நெருக்கமான பின்னணி உள்ள இடங்களில் ஒட்டை எடுத்துவிடுவதே திருத்தம்.

Q திறந்த நிலையிலேயே அம்புக்குறி விசையால் படம் படமாக நகர்ந்து, முகம், வேல், பீலி, எழுத்துப் பலகை ஆகியவற்றின் மேல் உட்கார்ந்த வட்டங்களை Alt விசையோடு சொடுக்கினால் அவை நீங்கும். ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி. 103 படங்களுக்கும் அரை மணி நேரத்துக்குள். வானமே இல்லாத படங்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. மொத்தமாகத் தேர்ந்து ஒட்டுகளை நீக்கிவிட்டார்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு விஷயம். பதினொன்றில் நான்கு தூசு முதல் லென்ஸ் மாற்றத்துக்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் எடுத்த அகல லென்ஸ் படங்களில் அவை இல்லை. இல்லாத புள்ளிக்கு வானத்தில் ஒட்டு விழுந்தாலும் தீங்கில்லை என்பதால் அந்தப் படங்களைத் தனியாகப் பிரிக்கவில்லை. இதற்கு நேர்மாறானது நடந்தால் கவனம் தேவை. கேமராவை அணைத்துப் போடும்போது சென்சாரை உதறும் வசதி இருந்தால், நடுவில் ஒரு தூசு இடம் பெயரலாம். தொகுதியின் முதல் வானப் படத்தையும் கடைசி வானப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பெயர்ந்திருந்தால் அந்த நேரத்தில் தொகுதியை இரண்டாக உடைக்க வேண்டும்.

சரிபார்ப்பு

கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பாமல், வரைபடம் எடுத்த அதே கட்டளைகளைத் திருத்திய படங்களின் மேல் இன்னொரு முறை ஓட்டினார்கள். கிடைப் படங்கள் மட்டும், வெட்டாமல், 1500 பிக்சல் அகலத்தில் ஏற்றுமதி செய்து. மேல் பாதியில் கறுப்புப் புள்ளி போயிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் புள்ளி போய், அதன் இடத்தில் பிறை போல ஒரு கறுப்புக் கீற்று மிஞ்சியிருந்தது. வட்டம் சில பிக்சல் தள்ளி விழுந்ததன் அடையாளம் அது. 27–35 தொகுதியில், வலது மேல் மூலையில். தாய்ப்படம் 28-இல் எடுத்தது, தவறிய படங்கள் 35-இல் எடுத்தவை. ஆறு படங்கள்தான். அவற்றுக்கு அந்த ஒரு வட்டத்தை மட்டும் கையால் நகர்த்தியாயிற்று. கீழ்ப் பாதியில் புள்ளிகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. அவை வேண்டுமென்றே ஒட்டை நீக்கிய இடங்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

சென்சாரைத் துடைக்க எடுத்துக்கொண்டு போகும்போது இந்த வரைபடம் மறுபடி உதவும். சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், கேமராவின் வாயை நேருக்கு நேர் பார்க்கும்போது படத்தில் மேலே இருந்த தூசு கீழே இருக்கும். இடது இடதாகவே இருக்கும். வரைபடத்தை மேல்கீழாக மட்டும் புரட்டி அச்சடித்துக் கொடுத்தால், துடைப்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. ஊதுபந்தால் முதலில் ஊதிவிட்டு எஃப் 16-இல் ஒரு வெற்றுப் படம். பினாங்கின் ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்ட தூசு அதற்கு அசையவில்லை என்றால்தான் ஈரத்துணிக் குச்சி. இந்தக் கேமராவில் ஊதியதற்கு ஏழு போயின, நான்கு அசையவில்லை. எஃப் 8-லும் தெரிந்த அதே நான்கு.